முந்திரி பாக்கெட் படம்: முழுசாக உருவாக்குவதா, பின்னணியை மட்டுமா?

வணக்கம்.

நீங்கள் அனுப்பிய இரண்டு வகை மாதிரிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தோம். ஒன்றில் பாக்கெட், கிண்ணம், பின்னணி எல்லாமே ஏஐ உருவாக்கியது. மற்றதில் நம் கடலூர் ஆபீஸில் எடுத்த பாக்கெட் போட்டோவை மாஸ்க் போட்டு அப்படியே வைத்துவிட்டு, சுற்றியிருப்பதை மட்டும் உருவாக்கியிருக்கிறீர்கள். பாக்கெட் தெரிகிற எந்தப் படத்துக்கும் இனி இரண்டாவது வழிதான்.

முதல் வகை சட்டென்று கண்ணைப் பிடிக்கிறது. வெளிச்சம் எல்லாப் பொருள் மேலும் ஒரே சீராக விழுகிறது. ஆனால் 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கினால் 'பண்ருட்டி'யில் 'ண்' மேல் புள்ளி இல்லை, 'ட்டி' எழுத்தாகவே இல்லை. பச்சைச் சதுரத்துக்குள் இருக்கவேண்டிய பச்சை வட்டத்தைக் காணோம். 14 இலக்க உணவு உரிம எண் இருக்கும் இடத்தில் வெறும் கீறல்கள்.

அதைவிட எனக்குக் கவலை பருப்பின் அளவு. நாம் விற்பது டபிள்யூ-240, அதாவது ஒரு பவுண்டுக்கு 220 முதல் 240 பருப்பு. 250 கிராம் பாக்கெட்டில் 120 முதல் 130 வரை இருக்கும். ஏஐ கிண்ணத்தில் போட்டிருப்பது டபிள்யூ-180-ஐவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதை நம்பி வாங்குகிறவர் பாக்கெட்டைப் பிரித்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். அதனால் கிண்ணத்துப் பருப்பும் நம் போட்டோவிலிருந்தே வரட்டும்.

இரண்டாவது வழியில் பாக்கெட் வெட்டி ஒட்டியதுபோல் தெரியும் அபாயம் உண்டு. நம் போட்டோக்களில் வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து வருகிறது, கேமரா பாக்கெட்டின் நடு உயரத்தில் இருக்கிறது. ப்ராம்ப்ட்டில் இந்த இரண்டையும் எழுதிவிடுங்கள். நிழலை இரண்டு லேயராகப் போடுங்கள்: பாக்கெட் அடியை ஒட்டி மெல்லிய கருநிழல் ஒன்று, வலப்பக்கம் நீளும் மங்கல் நிழல் ஒன்று, இரண்டும் மல்டிப்ளை மோடில். அடிநிழல் விட்டுப்போனால் பாக்கெட் மேஜைமேல் மிதக்கும். கரும் பின்னணியில் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் மாஸ்க்கை ஓரிரு பிக்சல் உள்ளே இழுத்தால் போதும்.

கலர் ஃபில்டரைப் பின்னணி லேயருக்கு மட்டும் போடுங்கள். முழுப் படத்துக்கும் போட்டால் நம் பாக்கெட்டின் பச்சை நிறம் மஞ்சளடிக்கும். மூல போட்டோவிலும் முடிந்த படத்திலும் பாக்கெட்டின் ஒரே இடத்தை ஐட்ராப்பரால் தொட்டால் ஒரே எண் வரவேண்டும்.

பாக்கெட்டே இல்லாத தோப்புக் காட்சி, பண்டிகை வாழ்த்துக்கு முதல் வழி தாராளமாகப் போதும். அங்கேயும் ஒன்று கவனியுங்கள்: கொட்டை பழத்துக்கு வெளியே, அடியில் தொங்கவேண்டும். ஒரு மாதிரியில் காம்புப் பக்கம் வந்திருக்கிறது. மண்ணும் பண்ருட்டிச் செம்மண்ணாக இருக்கட்டும், கடற்கரையும் தென்னையும் வேண்டாம்.

திங்கட்கிழமைக்குள் 250 கிராம் பாக்கெட் படத்தை மட்டும் லேயர் ஃபைலோடு அனுப்புங்கள். தோப்புப் படங்களுக்கு அவசரமில்லை.