சலான் பிரிண்ட்டைக் கையில் வாங்கினால் வரி கட்டியாச்சுன்னு நம்பாதீங்க. என் 46,380 ரூபாய் இன்னும் அந்தரத்தில்

மேலூர்ப் பக்கம் பம்புசெட் உதிரிபாகக் கடை வச்சிருக்கேன். சின்னக் கடைதான். இதை எழுதும்போதும் கை நடுங்குது. கடைசியில் என்ன செய்யணும்னு விவரமா சொல்றேன், மொதல்ல நடந்ததைக் கேளுங்க.

மாசாமாசம் ஜிஎஸ்டி கட்டுற வேலையை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற ஒரு பிரவுசிங் சென்டர்லதான் கொடுப்பேன். பெயர் வேண்டாம். கரண்ட் பில், பட்டா, வரி எல்லாம் பார்க்கிற மாதிரியான கடை. ஆறு வருஷப் பழக்கம். இந்த மாசம் கட்ட வேண்டியது 46,380 ரூபாய். மத்திய வரி 23,190, மாநில வரி 23,190. 20ஆம் தேதிதான் 3பிங்கிற மாசாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். வசூல் வந்து சேர அன்னிக்குச் சாயங்காலம் ஆயிருச்சு, அது என் தாமதம்தான்.

சென்டர்ல கூட்டம். அந்தத் தம்பி சலான் போட்டு, நெட் பேங்கிங் பக்கத்தைத் திறந்தான். என் யூசர் ஐடி, பாஸ்வேர்டை நானே அவன்கிட்ட சொன்னேன். ஓடிபி வந்தது, அதையும் படிச்சுச் சொன்னேன். அடுத்த நிமிஷம் என் போன்ல 46,380 டெபிட் ஆனதா மெசேஜ். "பணம் போயிருச்சுண்ணே, மெசேஜ் வந்துருச்சுல்ல, அவ்வளவுதான்"ன்னு சொல்லி அந்தப் பக்கத்தை மூடிட்டான். பின்னால நிக்கிறவருக்கு வேற வேலை பார்க்கணுமே. சலானை பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தான். "ஜிஎஸ்டி போர்ட்டல் ஸ்லோவா இருக்கு, காலையில மொத வேலையா 3பி போட்டு விட்டுர்றேன்." 300 ரூபாய் கொடுத்துட்டு வந்தேன். அந்த பிரிண்ட்டை பத்திரமா ஃபைல்ல வச்சு, இந்த மாசம் முடிஞ்சதுன்னு நிம்மதியா தூங்கினேன்.

அந்தக் காகிதத்தை ஒரு நிமிஷம் உத்துப் படிச்சிருக்கணும். அதுல CPIN-ன்னு 14 இலக்க எண் இருந்தது. தொகை இருந்தது. Expiry Date-ன்னு 15 நாள் தள்ளி ஒரு தேதியும் இருந்தது. கட்டி முடிச்ச ரசீதுக்கு எதுக்குக் காலாவதித் தேதி? CPIN சலான் போட்ட உடனே வர்ற எண். பணம் கட்டினாலும் கட்டாட்டியும் வரும். பணம் அரசுக் கணக்குல சேர்ந்த பிறகுதான் வங்கி CIN-ன்னு இன்னொரு எண் போடும். அதே 14 இலக்கத்தோட வங்கியைக் குறிக்கிற மூணு எழுத்து சேர்ந்து 17 வரும். அந்த CIN போர்ட்டலுக்கு வந்தாத்தான், அங்க நம்ம பேர்ல இருக்கிற கேஷ் லெட்ஜர்ங்கிற வரவுக் கணக்குல பணம் ஏறும். என் காகிதத்துல CIN இல்லவே இல்லை. அவன் கொடுத்தது ரசீது இல்லை, கட்ட வேண்டிய சீட்டு.

காலையில அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். "லெட்ஜர்ல ஜீரோ காட்டுதுண்ணே, சர்வர் பிரச்சினை, ரெண்டு நாள்ல தானா ஏறிரும்." நேர்ல போய் `Challan History` பார்க்கச் சொன்னேன். `INITIATED`-ன்னு நிக்குது. அதாவது கட்டுறதுக்கு ஆரம்பிச்சிருக்கு, வங்கியிலிருந்து பதில் வரலை. லெட்ஜர்ல பணம் இல்லாம 3பி போக முடியாது. 3பி போகாட்டி ஒரு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. 46,380க்கு அது நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 23 ரூபாய்.

வங்கிக்கு ஓடினேன். "உங்க அக்கவுண்ட்ல இருந்து பணம் போயிருச்சு சார், எங்க வேலை முடிஞ்சது. ஜிஎஸ்டிக்காரங்களைக் கேளுங்க." ஜிஎஸ்டி உதவி எண்ணுக்குப் போட்டா, "வங்கிகிட்ட இருந்து தகவல் வரலை சார், வங்கியைக் கேளுங்க." திரும்ப வங்கி. மேனேஜர் மீட்டிங்ல இருக்காராம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். என் பணம் 46,380 எங்கேன்னு யாராலும் சொல்ல முடியலை. என் கணக்குல இல்லை, அரசாங்கத்து லெட்ஜர்லயும் இல்லை.

சென்டர்ல போய் "நீ அந்தப் பக்கத்தை அப்படியே திறந்து வச்சிருந்தா தானா போர்ட்டலுக்குத் திரும்பி, பேய்டா இல்லையான்னு காட்டியிருக்குமே"ன்னு கேட்டேன். "உங்க பேங்க் பிரச்சினைக்கு நான் என்னண்ணே பண்றது?"ன்னு கேட்டான். ஆறு வருஷமா டீ வாங்கிக் கொடுத்துப் பழகினவன். புகார் போட்டுத் தரச் சொன்னா, அதுக்குத் தனியா 200 ரூபாயாம்!

புகாருக்கு வழி இருக்குன்னு மதுரையில வரி வேலை பார்க்கிற என் மச்சான்தான் சொன்னார். ஜிஎஸ்டி விதி 87(8)லயே இருக்கு: கணக்குல பணம் போயும் CIN வரலைன்னா, PMT-07 படிவத்துல முறையிடலாம். போர்ட்டல்ல `Services > Payments > Grievance against Payment`. லாகின் செய்யாமலே போடலாம். 24 மணி நேரம் பார்த்துட்டு, 22ஆம் தேதி ராத்திரி நானே போட்டேன். CPIN, தொகை, வங்கி ஸ்டேட்மெண்ட்ல அந்த டெபிட்டுக்கு நேரா இருந்த ரெஃபரன்ஸ் எண், எல்லாம் கொடுத்ததும் ஒரு ஒப்புகை எண் வந்தது. இது முன்னாலயே தெரிஞ்சிருந்தா ரெண்டு நாள் அலைச்சல் மிச்சம்.

மச்சான் இன்னொண்ணும் சொன்னார். நம்ம கணக்குல கழிஞ்ச தேதி பணம் கட்டின தேதி ஆகாது. அங்கீகரிச்ச வங்கியில அரசுக் கணக்குல வரவான தேதியைத்தான் லெட்ஜர்ல கட்டின தேதியா எடுத்துக்குவாங்க. அது 20ன்னு காட்ட முடிஞ்சா வட்டிக்கு வாதாடலாம். வங்கிகிட்ட எழுத்து மூலமா ரெண்டே கேள்வி கேட்கச் சொன்னார்: இந்த CPINக்கு CIN போட்டாச்சா? போடலைன்னா பணம் எப்போ என் கணக்குக்குத் திரும்பும்? கடிதத்தைக் கொடுத்து, நகல்ல சீல் வாங்கியிருக்கேன். பதில் இன்னும் வரலை.

அதுக்குள்ள அபராதம் ஏறிக்கிட்டே இருக்கே. 24ஆம் தேதி என் வீட்டுக்காரம்மாவோட வளையலை அடகு வச்சு, புது சலான் போட்டு, இன்னொரு 46,380ஐ என் போன்லயே கட்டினேன். பேய்டுன்னு வந்து, CIN தெரிஞ்ச பிறகுதான் போனைக் கீழே வச்சேன். 3பி போட்டாச்சு. நாலு நாள் தாமதத்துக்கு 200 ரூபாய், வட்டி ஏறக்குறைய 92. அது போகட்டும். மொத 46,380? சலான் நிலை இன்னிக்கும் `INITIATED`. அது ஒருவேளை லெட்ஜர்ல வந்து ஏறினா, அடுத்த மாச வரிக்குக் கழிச்சுக்கலாம், இல்லாட்டி மிகுதின்னு காட்டி RFD-01 படிவத்துல திரும்பக் கேட்கலாம். ஏறினாத்தானே? அடகு வட்டியை யார் கொடுப்பா?

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், மனசு ஓடலை. இவ்வளவுதான்: பாஸ்வேர்டையும் ஓடிபியையும் சென்டர்ல கொடுக்காதீங்க. கடைசி நாள் சாயங்காலம் கட்டாதீங்க. டெபிட் மெசேஜ் வந்ததும் எழுந்திருக்காதீங்க, பக்கம் தானா திரும்பி வர்றவரைக்கும் மூட விடாதீங்க. CIN இல்லாத காகிதத்துக்குக் காசு கொடுக்காதீங்க. மாட்டிக்கிட்டா அடுத்த நாளே PMT-07.

நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடி வங்கிக்குப் போறேன். இதே மாதிரி சிக்கி CIN வாங்கினவங்க யாராவது இருந்தா, எத்தனை நாள் ஆச்சு, வங்கியில யாரைப் பார்த்தீங்கன்னு சொல்லுங்க.