இரண்டு கைப்பேசிகள், இரண்டு தலைப்புகள்: எது சாய்கிறது?

ஐபோன் 15-ஐயும் கேலக்ஸி எஸ்24-ஐயும் அருகருகே வைத்து எழுதிய கட்டுரைக்கு ஒரு தலைப்பும், தேடல் முடிவில் அதன் கீழே வரும் இரண்டு வரி விவரமும் தேவைப்பட்டன. கட்டுரை எந்தப் பக்கமும் பரிந்து பேசாமல் கவனமாக எழுதப்பட்டிருந்தது. தலைப்பும் அதே கவனத்தோடு இருக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இரண்டு வரைவுகள் வந்தன. முதலாவது இது:

> ஐபோன் 15-க்கு ஈடுகொடுக்குமா கேலக்ஸி எஸ்24?
> ஐபோன் 15-இல் வெறும் 60 ஹெர்ட்ஸ் திரைதான். கேலக்ஸி எஸ்24-இல் 120 ஹெர்ட்ஸ் திரையோடு 3 மடங்கு ஜூம் கேமராவும் உண்டு. எதை வாங்கலாம்?

இரண்டாவது இது:

> ஐபோன் 15, கேலக்ஸி எஸ்24: திரை, ஜூம், சேமிப்பிடம் ஒப்பீடு
> ஏறத்தாழ ஒரே விலையில் வந்த இரண்டு கைப்பேசிகள். இரண்டுமே சிறந்தவை. உங்கள் தேவைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க உதவும் விரிவான அலசல்.

படித்தவுடன் முதலாவதை ஒதுக்கிவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்ளத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தபோது, முதலாவதன் சாய்வு எளிதில் திருத்தக்கூடியதாகவும், இரண்டாவதன் சாய்வு கண்ணில் படாததால் மோசமானதாகவும் தெரிந்தது.

முதல் வரைவில் "ஈடுகொடுக்குமா" என்ற சொல்லைப் பாருங்கள். யாருக்கு யார் ஈடுகொடுப்பது? நான்காம் வேற்றுமை உருபு ஏற்ற ஐபோன் அளவுகோலாகிவிட்டது. கேலக்ஸி தேர்வு எழுத வந்த மாணவன் ஆகிவிட்டது. "ஐபோனை வீழ்த்துமா", "ஐபோனுக்குச் சவால் விடும்" என்பனவும் இதே குடும்பம்தான். கேலக்ஸியைப் புகழ்வதாக நினைத்துத்தான் பலரும் இப்படி எழுதுகிறார்கள். அரியணையில் உட்கார்ந்திருப்பது யார் என்று அதே வரி சொல்லிவிடுகிறது. "விட" என்ற சொல்லும் இப்படியே வேலை செய்கிறது. "ஐபோனை விட கேலக்ஸியின் எடை குறைவு" என்றால் ஐபோனிலிருந்து அளக்கத் தொடங்குகிறோம். 171 கிராம், 167 கிராம் என்று எழுதினால் அளவுகோலே தேவையில்லை.

விவர வரிக்கு வந்தால் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. "வெறும் 60 ஹெர்ட்ஸ் திரைதான்" என்ற வரியில் 60 ஹெர்ட்ஸ் என்பது மட்டும் தகவல். "வெறும்", "தான்" இரண்டும் தீர்ப்பு. "ஜூம் கேமராவும் உண்டு" என்பதில் உள்ள "உம்" மற்றொரு தீர்ப்பு: இவ்வளவு கொடுத்தது போதாதென்று இதையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்ற தொனி. தமிழில் சார்பு பெரும்பாலும் பெயரடைகளில் இருப்பதில்லை. "அற்புதமான", "மோசமான" என்றெல்லாம் எழுதினால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். தான், கூட, மட்டுமே, உம், ஆவது போன்ற குட்டிச் சொற்கள்தாம் சந்தடியில்லாமல் தராசைத் தட்டிவிடுகின்றன. இவற்றை எழுதியவரிடம் சுட்டிக்காட்டினால், "தலைப்பு ஐபோன் பக்கம், விவரம் கேலக்ஸி பக்கம், கணக்கு சரியாகிவிட்டதே" என்றார். தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்தான் அதிகம் என்பதால் அந்தக் கணக்கு நிற்காது.

இத்தகைய வரிகளுக்கு நான் வைத்திருக்கும் சோதனை, பெயர்களை இடம் மாற்றிப் படிப்பது. "கேலக்ஸி எஸ்24-க்கு ஈடுகொடுக்குமா ஐபோன் 15?" என்று மாற்றியவுடன் வரி வேறு கட்சிக்குப் போய்விடுகிறது. அப்படியானால் பழைய வரியும் ஒரு கட்சியில்தான் இருந்திருக்கிறது. பெயர்களை மாற்றியபின் தகவல் மட்டும் தவறாகி, தொனி அப்படியே இருந்தால் அந்த வரி தேறியது. "ஐபோன் 15 திரை 60 ஹெர்ட்ஸ், கேலக்ஸி எஸ்24 திரை 120 ஹெர்ட்ஸ்" என்ற வரியை மாற்றிப் பார்த்தால் இது விளங்கும்.

இரண்டாவது வரைவு இந்தச் சோதனையில் முழுமையாகத் தேறுகிறது. "ஈடுகொடுக்குமா" என்பதும் இல்லை, "வெறும்" என்பதும் இல்லை. அதனால்தான் அதை இன்னும் கூர்ந்து பார்க்கவேண்டும். திரை, ஜூம், சேமிப்பிடம் என்ற மூன்று சொற்களை யார் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் அந்த மூன்று? திரையின் புதுப்பிப்பு வேகத்தில் கேலக்ஸி முன்னே. ஜூமுக்கென்று தனி கேமரா இருப்பது கேலக்ஸியில். ஐபோன் 15 தன் 48 மெகாபிக்சல் முதன்மைக் கேமராவின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து 2 மடங்கு ஜூம் தருகிறது. இந்தியாவில் அறிமுகமானபோது ஐபோன் 15-இன் 128 ஜிபி வகை 79,900 ரூபாய், கேலக்ஸி எஸ்24-இன் 256 ஜிபி வகை 79,999 ரூபாய். ஆக, தலைப்பில் நிற்கும் மூன்று களங்களிலும் ஒரே ஆள் ஜெயிக்கிறார். ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லாமல் ஆட்டத்தை முடித்துவைக்கும் தலைப்பு அது. எழுதியவர் வேண்டுமென்று செய்யவில்லை. எண்ணாகச் சொல்லக்கூடிய வேறுபாடுகளை அவர் தேடியிருக்கிறார், அவை ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டன.

இதற்கு உடனே தோன்றும் மருந்து, ஐபோனுக்கும் ஒரு புள்ளி தேடித் தருவது. தேடினால் கிடைக்கும். தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் ஆழம் என்று ஐபோன் 15-க்கு 6 மீட்டரும் எஸ்24-க்கு 1.5 மீட்டரும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் கைப்பேசியோடு 6 மீட்டர் ஆழத்தில் இறங்கப்போகிறவர் யார்? வாங்குகிறவர் கேட்காத ஒன்றைத் தராசு சமமாக வேண்டும் என்பதற்காகத் தலைப்பில் ஏற்றினால், அது கேலக்ஸிக்காரரை ஏமாற்றுவது. மறுபுறம், 60, 120 என்ற வேறுபாட்டை ஐபோன்காரர் மனம் கோணும் என்று மறைத்தால் அது ஐபோன் பக்கம் சாய்வது. விரலால் மேலே தள்ளும்போது எழுத்துகள் ஓடுவதில் அந்த வேறுபாடு பலர் கண்ணுக்குத் தெரியும்.

அப்படியென்றால் களங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? வாங்க வருகிறவர் எந்த வரிசையில் கேட்பாரோ அந்த வரிசையில். இந்த இரண்டு கைப்பேசிகளுக்கு இடையே முதல் கேள்வி ஐஓஎஸ்ஸா ஆண்ட்ராய்டா என்பதுதான். பழைய செயலிகளுக்குக் கொடுத்த பணம், வீட்டில் மற்றவர்கள் வைத்திருக்கும் கருவிகள், பழகிப்போன விசைப்பலகை எல்லாம் அதில் அடங்கிவிடும். விநோதம் என்னவென்றால், இரண்டு வரைவுகளிலும் இயங்குதளம் என்ற சொல்லே இல்லை. எண் இல்லாததால் அது ஒப்பீட்டிலிருந்து நழுவிவிட்டது.

எண் இருக்கும் இடங்களிலும் கவனம் வேண்டும். முதன்மைக் கேமராவுக்கு 48, 50 மெகாபிக்சல் என்று அருகருகே எழுதினால் 50 ஜெயித்ததுபோல் கண் வாசிக்கும். படத்தின் தரத்தில் அந்த இரண்டு மெகாபிக்சல் எதையும் தீர்மானிக்காது. பேட்டரியில் இன்னொரு பொறி இருக்கிறது. சாம்சங் 4,000 எம்ஏஎச் என்று கொள்ளளவைச் சொல்கிறது. ஆப்பிள் கொள்ளளவைச் சொல்லாமல் வீடியோ ஓடும் நேரம் 20 மணி வரை என்கிறது. ஒருவருக்கு எம்ஏஎச், மற்றவருக்கு மணி என்று எழுதினால் வாசகர் எடைக்கற்களையும் படிகளையும் கூட்டிக்கொண்டிருப்பார். மென்பொருள் புதுப்பிப்பும் இதேபோல்தான். எஸ்24-க்கு 7 ஆண்டு என்று சாம்சங் அறிவித்திருக்கிறது. ஆப்பிள் அப்படி ஓர் எண்ணை வாக்குறுதியாக முழங்கவில்லை, ஆனால் 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர் 2024-இல் ஐஓஎஸ் 18-ஐப் பெற்றது. "7 ஆண்டு" என்று மட்டும் விவரத்தில் போட்டால் மற்றவருக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். இரண்டு வரியில் நியாயமாகச் சொல்ல முடியாததை விவரத்தில் சொல்லாமல் கட்டுரைக்குள் விட்டுவிடுவதே மேல்.

இரண்டாவது வரைவின் விவர வரியில் "இரண்டுமே சிறந்தவை" என்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த இரண்டு பொருளுக்கும் ஒட்டும் வரி அது. "ஏறத்தாழ ஒரே விலையில்" என்பது அறிமுகநாள் உண்மை. 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்ததும் ஐபோன் 15-இன் விலை 69,900 ஆனது. அன்றே அந்த வரி பொய்யாகியிருக்கும். விலையைத் தலைப்பிலும் விவரத்திலும் வைக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது வரைவில் நான் முழுமனத்தோடு எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு: இரண்டு பெயர்களும் தொடக்கத்திலேயே நிற்கின்றன. கூகுள் தலைப்பை எழுத்தை எண்ணி வெட்டுவதில்லை, திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை. ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் 60 எழுத்துக் கணக்கை நம்பி "இந்த ஆண்டு வாங்குவதற்கு ஏற்ற கைப்பேசி எது? ஐபோன் 15, கேலக்ஸி எஸ்24 ஒப்பீடு" என்று எழுதினால், பலர் திரையில் "ஐபோன் 15..." என்பதோடு வரி அறுந்துவிடும். கேலக்ஸி என்ற பெயரே காணாமல் போகும். எழுதியவர் கனவிலும் நினைக்காத சாய்வு அது. பெயர்களின் நீளத்திலும் ஒழுங்கு வேண்டும்: ஒருவரை "சாம்சங் கேலக்ஸி எஸ்24" என்று முழுப்பெயரில் அழைத்தால் மற்றவரையும் "ஆப்பிள் ஐபோன் 15" என்றே அழைக்கவேண்டும். இடம் குறைவு என்பதால் இருவரிடமிருந்தும் நிறுவனப் பெயரை எடுத்துவிட்டோம்.

கடைசியில் நின்றது இது:

```html
<title>ஐபோன் 15, கேலக்ஸி எஸ்24: இயங்குதளம், திரை, கேமரா ஒப்பீடு</title>
<meta name="description" content="ஐபோன் 15: ஐஓஎஸ், 60 ஹெர்ட்ஸ் திரை, 2 பின்கேமரா, 171 கிராம். கேலக்ஸி எஸ்24: ஆண்ட்ராய்டு, 120 ஹெர்ட்ஸ் திரை, 3 பின்கேமரா, 167 கிராம். அன்றாடப் பயன்பாட்டில் வேறுபாடு எங்கே தெரிகிறது?">
```

ஒரே நான்கு தகவல்கள், ஒரே வரிசை, ஒரே இலக்கணம். "ஆனால்" இல்லை, அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவதே காதில் தங்கும் என்பதால் அதை விலக்கினோம். "இல்லை" என்பதும் இல்லை: "ஜூம் கேமரா இல்லை" என்பதற்கும் "2 பின்கேமரா" என்பதற்கும் இடையே ஒரு குற்றச்சாட்டின் தூரம் இருக்கிறது. கூகுள் சில நேரம் நாம் தரும் விவரத்தை விட்டுவிட்டுக் கட்டுரையிலிருந்தே வரிகளை எடுத்துப் போடும். அதனால் கட்டுரையின் முதல் பத்தியையும் இதே வரிசையில் திருத்தினோம்.

எண்களை மட்டும் பார்த்தால் இந்த விவரம் கேலக்ஸிக்குச் சற்றுச் சாதகமாகவே படும் என்று முதல் வரைவை எழுதியவர் சொன்னார். உண்மைதான், கைப்பேசிகள் அப்படி இருக்கின்றன. ஐபோன் ஏன் முதலில் என்றும் கேட்டார். 2023 செப்டம்பரில் வந்தது முதலில், 2024 ஜனவரியில் வந்தது அடுத்து. அடுத்த மாதம் எஸ்24-ஐ ஐபோன் 16-உடன் ஒப்பிடும் கட்டுரை வந்தது. அதில் கேலக்ஸி முன்னால் நின்றது.