மாங்கூழ் ஆலையா, ஓசூர் உதிரிபாகக் கம்பெனியா: எந்த லாபம் நிற்கும்?

கணக்குக்காக இரண்டு கம்பெனிகளை வைத்துக்கொள்வோம். ஒன்று கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலை. மற்றது ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகம் செய்யும் கம்பெனி. மார்ச் 31 கணக்குப்படி இரண்டிலும் போட்ட முதல் 30 கோடி, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 6 கோடி. முதலுக்கு வருமானம் 20 சதவீதம். காகிதத்தில் இரட்டைப் பிள்ளைகள்.

கூழ் ஆலையின் 20 சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். பெங்களூரா மாம்பழ வரத்து மே முதல் ஜூலை வரைதான். அந்தச் சில வாரங்களில் பழத்தை வாங்கி அரைத்து, டிரம்மில் அடைத்து வருடம் முழுக்க விற்கிறார்கள். மார்ச்சில் கிடங்கு ஏறக்குறைய காலி, வங்கிக் கடனும் குறைவு. செப்டம்பரில் 40 கோடிக்குச் சரக்கு நின்றால் முதல் 70 கோடி ஆகிவிடும். சராசரி 50 கோடி, உண்மை வருமானம் 12 சதவீதம்தான்.

பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால் செப்டம்பர் இருப்புநிலைக் குறிப்பு கிடைக்கும். இல்லாவிட்டால் வட்டியைப் பாருங்கள். மார்ச் கடன் 8 கோடி, வருட வட்டி 2.8 கோடி என்றால் வட்டி விகிதம் 35 சதவீதம் ஆகிறது. எந்த வங்கியும் அப்படி வாங்காது. 10 சதவீத வட்டி என்றால் சராசரிக் கடன் 28 கோடி இருந்திருக்க வேண்டும்.

போட்டியாளரைத் தடுத்து நிறுத்தும் அகழியும் இங்கே ஆழமில்லை. கூழ் வாங்குபவர் பார்ப்பது சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ், புளிப்பு, நிறம். அதே 14 பிரிக்ஸ் கூழ் சித்தூரில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவாகக் கிடைத்தால் அங்கே போய்விடுவார். பழ விலை ஏறும் வருடத்தில் அதை அவர் தலையில் கட்ட முடியாது. பத்து வருட மொத்த லாப விகிதத்தை வரிசையாக எழுதிப் பார்த்தால் இந்த ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும்.

பிரேக் பாகத்தை அப்படி மாற்ற முடியாது. புது சப்ளையருக்கு மாதிரி, சோதனை, ஒப்புதல் என்று மாதக்கணக்கில் ஆகும். உயிர் சம்பந்தப்பட்ட பாகம் என்பதால் சில ரூபாய்க்காக வண்டிக் கம்பெனி அந்த ரிஸ்க்கை எடுக்காது. இரும்பு விலை ஏறினால் ஒப்பந்தப்படி ஓரிரு காலாண்டு தள்ளியாவது விலை கூடும். அதனால் லாப விகிதம் சறுக்கினாலும் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பாவிட்டால் ஒப்பந்தம் பலவீனம் என்று அர்த்தம்.

ஆனால் ஓட்டை இங்கேயும் உண்டு. பாகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, அதாவது டை, யாருடையது? வண்டிக் கம்பெனியின் காசில் செய்த டை என்றால், வேறு சப்ளையருக்கு ஒப்புதல் கிடைத்ததும் லாரியில் ஏற்றிப் போய்விடுவார்கள். வருடாவருடம் விலையைக் குறைக்கச் சொல்லும் நெருக்கடி வேறு. பாதிக்கு மேல் விற்பனை ஒரே வாடிக்கையாளரிடம் என்றால் மறுத்துப் பேச வழியில்லை.

என் ஓட்டு உதிரிபாகத்துக்குத்தான், அதுவும் டை சொந்தமாக இருந்து, மூன்று நான்கு வண்டிக் கம்பெனிகளுக்குச் சப்ளை இருந்தால். பிரேக் மின்சார வண்டிக்கும் வேண்டும். இதே கம்பெனி சைலன்சர் செய்தால் இந்த ஓட்டு கிடையாது.