இரண்டு சிவப்புக் காலனிகளும் ஒரே மரபணுவில் பழுதானவையா? நிரப்புச் சோதனைக்கான மூன்று வழிகள்

ஈஸ்ட் செல்களின் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சித் தட்டில் பரப்பினால், வெள்ளைக் காலனிகளுக்கு நடுவே அபூர்வமாக ஒன்றிரண்டு சிவப்புக் காலனிகள் தென்படும். அடினினைத் தயாரிக்கும் தொடர்வினையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தடை விழுந்து, தடைக்கு முந்தைய வேதிப்பொருள் தேங்கி, செல்லின் நுண்குமிழியில் சிவப்பு நிறமியாக மாறுவதே இதற்குக் காரணம். இந்தத் தடை ADE1 மரபணுவின் பழுதாலும் வரலாம், ADE2 மரபணுவின் பழுதாலும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கையில் இரண்டு சிவப்பு வகைகள் இருக்கும்போது, அவற்றின் பழுது ஒரே மரபணுவில் உள்ளதா, வெவ்வேறு மரபணுக்களில் உள்ளதா என்பதுதான் நிரப்புச் சோதனை விடை சொல்ல வேண்டிய கேள்வி. அதற்கு மூன்று வழிகள் உண்டு: இரண்டு ஈஸ்ட் வகைகளை இணையவிட்டு இருமயச் செல் உண்டாக்குவது, நல்ல மரபணு ஒன்றைப் பிளாஸ்மிட் வழியாகச் செலுத்திப் பார்ப்பது, பாக்டீரியாவாக இருந்தால் F' பிளாஸ்மிட் கொண்டு பகுதி இருமயத்தை உருவாக்குவது. மூன்றையும் ஒரே சோதனையின் மூன்று வடிவங்களாகப் பலர் எண்ணுகிறார்கள். அவை விடை சொல்லும் கேள்விகளும் வேறு, ஏமாற்றும் இடங்களும் வேறு என்பது என் கருத்து.

இணையவிடும் முறையிலிருந்து தொடங்குவோம். பேக்கர் ஈஸ்டின் ஒருமயச் செல்கள் a, α என்ற இரு இணைவகைகளாக இருக்கின்றன. எதிரெதிர் வகைகள் சேரும்போது, இரண்டு தாய்ச் செல்களின் குரோமோசோம்களையும் முழுமையாகச் சுமக்கும் இருமயச் செல் கிடைக்கிறது. முதல் சிவப்பு வகையை BY4741 என்ற a வகை ஈஸ்டிலிருந்தும், இரண்டாவதை BY4742 என்ற α வகையிலிருந்தும் பெற்றதாகக் கொள்வோம். முன்னதால் மெத்தியோனின் இல்லாமல் வளர முடியாது, பின்னதால் லைசின் இல்லாமல் வளர முடியாது. இரண்டையும் சத்து நிறைந்த அகாரில் ஒரே இடத்தில் கலந்து, 30 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு விட்டு, மறுநாள் வெல்வெட் துணியால் ஒற்றி, மெத்தியோனினும் லைசினும் இல்லாத தட்டுக்கு மாற்றினால், இணைந்து உருவான இருமயச் செல்கள் மட்டுமே அங்கு வளரும்.

இந்தத் தேர்வுத் தட்டில் அடினின் தாராளமாக இருந்தாக வேண்டும். அடினினையும் சேர்த்து நீக்கிவிட்டால், நிரப்பும் செல்களை நாமே தேர்ந்தெடுத்துவிட்டு, நிரப்புகிறது என்று முடிவும் சொன்னதாகிவிடும். இணைவே நடக்காததால் காலியாகக் கிடக்கும் தட்டையும், இணைந்தும் நிரப்பாததால் காலியாகக் கிடக்கும் தட்டையும் பிரித்தறிய வழி இருக்காது. அடினின் தாராளமாக உள்ள தட்டில் சிவப்பு நிறமும் தோன்றாது என்பதால், அங்கு காலனிகள் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இருமயக் காலனிகளை அங்கிருந்து அடினின் அறவே இல்லாத தட்டுக்கும், அடினின் குறைவாக உள்ள தட்டுக்கும் ஒற்றிய பிறகுதான் பதிலைப் படிக்க வேண்டும்.

ஒரு வகையில் ADE1 பழுது, மற்றதில் ADE2 பழுது என்றால், ஒவ்வொன்றும் மற்றதற்கு இல்லாத நல்ல பிரதியைக் கொண்டுவருகிறது. இருமயம் வெள்ளையாகவும் அடினின் இன்றியும் செழிப்பாக வளரும். இரண்டிலும் ADE2 பழுது என்றால், நல்ல ADE2 எங்கிருந்தும் வர வழியில்லை. இருமயமும் சிவப்பாகவே இருக்கும். இந்தத் தர்க்கம் செல்லுபடியாவதற்கு இரண்டு பழுதுகளும் ஒடுங்கியவையாக இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு சிவப்பு வகையையும் எதிர் இணைவகையின் இயல்பான ஈஸ்டோடும் சேர்த்து, அந்த இருமயம் வெள்ளையாக வருகிறதா என்று உடன் பார்க்க வேண்டும். ஓங்கிய பழுது ஒன்று எதனோடு சேர்ந்தாலும் நிரப்பாததுபோலவே தோன்றும். இந்தக் கட்டுப்பாட்டுக் கலப்பு இல்லாத சோதனையை நான் சோதனையாகவே ஏற்பதில்லை.

தட்டை நுணுகிப் பார்க்க வேண்டிய தருணம் ஒன்று உண்டு. நிரப்பாத கலப்பை அடினின் இல்லாத தட்டில் மூன்று நான்கு நாள் விட்டுவைத்தால், ஒற்றிய திட்டு முழுவதும் மங்கலாக, வளராமல் கிடக்க, அதன் மேல் குண்டூசித் தலை போல ஐந்தாறு வெள்ளைப் புள்ளிகள் எழுவதைக் காணலாம். முதன்முறை இதைப் பார்த்தபோது, மெதுவாக நிரப்புகிறது போலும் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன், அது தவறு. ஒரே மரபணுவில் வெவ்வேறு இடங்களில் பழுதான இரு பிரதிகள் ஒரே செல்லில் இருக்கும்போது, மிக அரிதாக மறுசேர்க்கையால் பழுதற்ற பிரதி ஒன்று உருவாகிவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியும் அப்படி மீண்ட ஒரே செல்லின் வழித்தோன்றல். நிரப்புதல் என்றால் திட்டிலுள்ள எல்லாச் செல்லும் வளர வேண்டும். திட்டு சீராக மூடியிருக்கிறதா, தனித்தனிப் புள்ளிகளாக இருக்கிறதா என்பதே தீர்ப்பு.

நிறத்தை மட்டும் நம்புவதும் ஆபத்தானது. மைட்டோகாண்டிரியாவின் செயல் இழந்த செல்கள், ADE2 பழுதாக இருந்தாலும் வெள்ளையாகத்தான் தெரியும். தொடர்வினையின் முந்தைய படி ஒன்றில் இன்னொரு பழுது விழுந்தாலும் நிறமி தேங்காது. ஆகவே வெள்ளையாகத் தெரிவதை அடினின் இல்லாத தட்டில் உறுதி செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் கிளிசரால் மட்டும் உள்ள தட்டில் வைத்துப் பார்த்தால், மைட்டோகாண்டிரியாப் பழுதுள்ளவை அங்கே வளராமல் நின்று தங்களைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த முறையின் உண்மையான இடையூறு இணைவகைதான். இரண்டு சிவப்பு வகைகளும் a வகையாக இருந்தால் அவை இணையவே மாட்டா. ஒன்றை இயல்பான α ஈஸ்டோடு சேர்த்து, இருமயத்தை வித்துகளாக்கி, அவற்றுள் சிவப்பாகவும் α ஆகவும் உள்ளதைப் பொறுக்கியெடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இந்த இடத்தில்தான் பிளாஸ்மிட் முறை கவர்ச்சியாகத் தெரிகிறது. ADE2 மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்டை லித்தியம் அசிட்டேட் முறையில் இரண்டு சிவப்பு வகைகளுக்குள்ளும் செலுத்தினால், இணைவகை பற்றிய கவலையே இல்லை. பிளாஸ்மிட்டில் URA3 இருந்தால் யுராசில் இல்லாத தட்டில் அதை ஏற்ற செல்களைத் தேர்ந்தெடுத்து, பிறகு அடினின் இல்லாத தட்டில் பார்க்கலாம்.

ஆனால் இது விடை சொல்லும் கேள்வி வேறு. இந்தப் பழுதுகள் ஒரே மரபணுவிலா என்று அது கேட்பதில்லை. இந்த மரபணு இந்தப் பழுதைச் சரிசெய்கிறதா என்றுதான் கேட்கிறது. எந்த மரபணு என்ற ஊகம் முன்கூட்டியே இருந்தால் மட்டுமே அது பயன்படும். பெயர் தெரியாத பத்துப் பழுதுகளைக் குழுக்களாகப் பிரிக்க வேண்டியிருக்கும்போது பிளாஸ்மிட்டால் தொடங்கவே முடியாது, இணையவிடும் முறையோ மரபணுவின் பெயர் எதையும் கேட்காமல் வேலை செய்யும். மேலும், செல்லுக்குள் பல பிரதிகளாகப் பெருகும் 2 மைக்ரான் வகைப் பிளாஸ்மிட்டைப் பயன்படுத்தினால், வேறொரு மரபணுவின் மிகையான புரதம் பழுதை மறைத்துவிடக் கூடும். அது நிரப்புதல் அல்ல. செல்லுக்கு ஒன்றிரண்டு பிரதிகளாகவே நிற்கும் சென்ட்ரோமியர் வகைப் பிளாஸ்மிட்டையே இதற்கு எடுக்க வேண்டும். கூடவே, URA3 உள்ள செல்களைக் கொல்லும் 5-FOA உள்ள தட்டில் பிளாஸ்மிட்டை இழந்த செல்களைப் பிரித்து, அவை மீண்டும் சிவப்பாகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். சிவப்பு திரும்பாவிட்டால், செல்லைக் காப்பாற்றியது பிளாஸ்மிட் அல்ல.

பாக்டீரியாவுக்கு வருவோம். ஈ. கோலை இயல்பில் ஒருமயம். முழு இருமயத்தை உண்டாக்க வழியில்லை. குரோமோசோமின் ஒரு துண்டைச் சுமக்கும் F' பிளாஸ்மிட்டை இணைவின் மூலம் புகுத்தினால், அந்தத் துண்டுக்கு மட்டும் இருமயமான செல் கிடைக்கிறது. லாக்டோஸ் ஓப்பரானை ஜேக்கபும் மோனோவும் அலசியது இப்படிப்பட்ட பகுதி இருமயங்களைக் கொண்டுதான். மறுசேர்க்கையால் நல்ல பிரதி உருவாகி ஏமாற்றும் சிக்கல் இங்கேயும் உண்டு. ஆனால் மறுசேர்க்கைக்குத் தேவையான recA மரபணு பழுதான செல்லைப் பெறுநராக எடுத்தால் அதைப் பெருமளவு அடக்கிவிடலாம். இந்த ஒரு வசதியில் பாக்டீரியா ஈஸ்டை மிஞ்சுகிறது.

அதற்கு ஈடாக ஈஸ்டில் ஏறக்குறைய சந்திக்கவே வேண்டியிராத ஒரு பொறி இங்கே காத்திருக்கிறது. ஒரு செல்லின் குரோமோசோமில், லாக்டோஸை உள்ளே கொண்டுவரும் புரதத்தைத் தரும் lacY மரபணு பழுது. F' பிளாஸ்மிட்டில் lacZ மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒரு நிறுத்தக் குறி விழுந்திருக்கிறது. பழுதுகள் இரண்டு வெவ்வேறு மரபணுக்களில் இருப்பதால் நிரப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் lacZ, lacY இரண்டும் ஒரே ஆர்.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துப் படியெடுக்கப்படுபவை. lacZ பகுதியில் மொழிபெயர்ப்பு பாதியில் அறுந்தால், அதற்குப் பின்னுள்ள lacY புரதமும் மிகக் குறைந்துபோகிறது. குரோமோசோமிலும் நல்ல lacY இல்லை, பிளாஸ்மிட்டிலிருந்தும் போதுமான lacY வருவதில்லை. செல் லாக்டோஸில் வளராது. ஒரே மரபணு என்ற பொய்யான தீர்ப்பு கையில் கிடைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஓப்பரானைத் தூண்டும் IPTG சேர்த்து வளர்த்த பகுதி இருமயச் செல்களைக் குளோரோஃபார்மால் துளைத்து, ONPG சேர்த்துப் பாருங்கள். இரண்டு பழுதும் lacZ மரபணுவிலேயே இருந்தால் பீட்டா-கேலக்டோசிடேஸ் இருக்காது, கரைசல் நிறமற்றே நிற்கும். நாம் சொன்ன நிலையில் குரோமோசோமின் நல்ல lacZ நொதியைத் தந்துகொண்டிருப்பதால் கரைசல் மஞ்சளாகும். அதாவது நொதி உள்ளே இருக்கிறது, லாக்டோஸை உள்ளே கொண்டுவரும் புரதம்தான் இல்லை. நிரப்பவில்லை என்ற முடிவு ஓப்பரானுக்குள் கிடைக்கும்போது, இப்படி ஒவ்வொரு புரதத்தையும் தனியே அளக்காமல் அதை நம்பக் கூடாது.

ஆகவே என் தேர்வு இது. ஈஸ்டில், பெயர் தெரியாத ஒடுங்கிய பழுதுகளை முதலில் இணையவிட்டே பிரிப்பேன். குழுக்கள் பிரிந்த பிறகு, எந்தக் குழு எந்த மரபணு என்று பெயரிடப் பிளாஸ்மிட்டைக் கொண்டுவருவேன். பாக்டீரியாவில் பழுது ஓப்பரானுக்கு வெளியே உள்ளது என்று தெரிந்தால் recA பின்னணியில் F' போதும். ஓப்பரானுக்குள் என்றால், ஒரே ஒரு மரபணுவை மட்டும் சுமக்கும் பிளாஸ்மிட்டுகளைத் தனித்தனியே செலுத்திப் பார்ப்பதே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

ஈஸ்டில் இணையவிடும் முறையும் தோற்கும் இரண்டு இடங்கள் மிச்சம் இருக்கின்றன. இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. ஹிஸ்டிடின் தயாரிப்பில் HIS4 என்ற ஒரே மரபணு தரும் புரதம், தனித்தனிப் பகுதிகளைக் கொண்டு மூன்று வினைகளைச் செய்கிறது. ஒரு பகுதியில் பழுதானதும் இன்னொரு பகுதியில் பழுதானதும் சேர்ந்தால், மரபணு ஒன்றே என்றாலும் நிரப்பிவிடும். மாறாக, நுண்குழல்களின் புரதங்களைத் தரும் TUB1, TUB2 வெவ்வேறு குரோமோசோம்களில் இருந்தும், அவற்றின் சில பழுதுகள் சேர்ந்த இருமயம் நிரப்பாமல் போகிறது. இரண்டு புரதங்களும் ஒன்றாகப் பிணைந்தே வேலை செய்வதால் இரண்டிலும் பாதி குறைவது தாங்க முடியாததாகிவிடுகிறது. இந்தச் சந்தேகங்கள் எழுந்தால் இருமயத்தை வித்துகளாக்கி, ஒவ்வொரு பையிலுள்ள நான்கு வித்துகளையும் நுண்ணூசியால் பிரித்து வளர்க்க வேண்டும். TUB1, TUB2 போல வெவ்வேறு குரோமோசோம்களில் உள்ள பழுதுகள் என்றால், வித்துகளில் சுமார் நான்கில் ஒரு பங்கு பழுதே இல்லாமல் வெளிவரும். HIS4 பழுதுகள் இரண்டு சேர்ந்த இருமயமோ ஹிஸ்டிடின் இன்றி நன்றாக வளரும். அதன் வித்துகளை வரிசையாக நட்டுப் பார்த்தால், பெரும்பாலான பைகளில் நான்கில் நான்கும் ஹிஸ்டிடினுக்காகக் காத்துக் கிடக்கும்.