மாற்றத்தக்க தொகுதிக்கடனை இரண்டாகப் பிரித்துப் பதிந்த ஐந்து வருடங்கள்: ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கணக்காளரின் அனுபவம்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்காளராக இருக்கிறேன். 2019 ஏப்ரல் 1ஆம் திகதி எங்கள் கம்பனி 40 மில்லியன் ரூபாவுக்கு மாற்றத்தக்க தொகுதிக்கடன் வெளியிட்டது. புதிய ட்ரையரும் கலர் சோர்ட்டரும் வாங்கத்தான் அந்தப் பணம். 2024 மார்ச் 31ஆம் திகதி அது முடிந்தது. அந்த ஐந்து வருடமும் அதன் கணக்கை நான்தான் பார்த்தேன். இலங்கைக் கணக்கீட்டு நியமமான LKAS 32 கேட்கிறபடி அதைக் கடன், உரிமையாண்மை என்று இரண்டாகப் பிரித்து, வருடா வருடம் வட்டிச் செலவை ஏற்றிக்கொண்டு வந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். இதே வேலையை முதல் தடவை செய்யப் போகிறவர்களுக்கு உதவும்.

நிபந்தனை எளிமையானதுதான். வட்டி 9 வீதம், ஒவ்வொரு மார்ச் 31இலும் பணமாகக் கட்ட வேண்டும். ஐந்தாவது வருட முடிவில், தொகுதிக்கடன் வைத்திருப்பவர் ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் 4 பங்கு எடுக்கலாம், அல்லது காசைத் திருப்பி வாங்கலாம். எதை எடுப்பது என்பது அவர் விருப்பம்.

இதில் "4 பங்கு" என்ற எண்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. முதலில் எழுதிய ஒப்பந்த வரைவில், "அன்றைய பங்குப் பெறுமதிக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கப்படும்" என்று இருந்தது. கண்டியிலிருந்து வந்த கணக்காய்வாளர் அந்த வரியில் விரலை வைத்து, "இப்படி இருந்தால் பிரிக்க முடியாது, முழுத்தொகையும் கடன்தான்" என்றார். அவர் சொன்னது சரி. பங்கின் எண்ணிக்கை ஏறி இறங்குமானால், கம்பனி ஒரு குறிப்பிட்ட பெறுமதியைத் தீர்க்கப் பங்கைக் காசு மாதிரிக் கொடுக்கிறது என்று அர்த்தம். நிலையான ரூபாத் தொகைக்கு நிலையான எண்ணிக்கைப் பங்கு என்றால்தான் அந்த உரிமை உரிமையாண்மைக்குள் வரும். டுபாயில் வேலை செய்யும் ஒரு முதலீட்டாளர் தன் கடன் தொகையை டொலரில் எழுதச் சொன்னார். அதையும் இதே காரணத்துக்காகத்தான் தவிர்த்தோம்.

சரி, ஏன் பிரிக்க வேண்டும்? எங்கள் கம்பனிக்கு 9 வீதத்துக்கு யாரும் சும்மா கடன் தர மாட்டார்கள். இவர்கள் தந்தது, பின்னால் பங்கு கிடைக்கும் என்ற உரிமைக்காக. அதாவது அவர்கள் கொடுத்த 40 மில்லியனில் ஒரு பகுதி கடன், மறு பகுதி அந்த உரிமைக்கான விலை. கடன் பகுதியை முதலில் கணக்கிட வேண்டும். மாற்றும் உரிமை இல்லாத அதே மாதிரிக் கடனுக்கு நாங்கள் எத்தனை வீதம் கட்டியிருப்போமோ, அந்த வீதத்தில் எதிர்காலக் கொடுப்பனவுகளின் நிகழ்காலப் பெறுமதியை எடுக்க வேண்டும். 40 மில்லியனில் மிஞ்சுவதுதான் உரிமையாண்மைப் பகுதி.

முழு வேலையிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த வீதம்தான். என் கையில் ஒரு வங்கியின் கடன் கடிதம் இருந்தது, 12 வீதம். அதையே போட்டுக் கணக்கையும் முடித்துவிட்டேன். கணக்காய்வாளர் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தொழிற்சாலைக் காணியை ஈடு வைத்தால்தான் அந்த 12 வீதம். எங்கள் தொகுதிக்கடனுக்கு ஈடே இல்லை. ஆகவே "அதே மாதிரிக் கடன்" என்று அதைச் சொல்ல முடியாது. கடைசியில், ஈடு இல்லாமல் ஐந்து வருடத்துக்குத் தர ஒரு நிதிக் கம்பனி எழுத்தில் சொல்லியிருந்த 14 வீதத்தை எடுத்தோம். அந்த இரண்டு வீத வித்தியாசம் சின்னதில்லை. 12 வீதத்தில் கடன் பகுதி 35,674,268 ரூபா, 14 வீதத்தில் 33,133,838 ரூபா. உரிமையாண்மை இரண்டரை மில்லியனால் மாறிவிடுகிறது. எந்த ஆவணத்தை வைத்து வீதத்தைத் தீர்மானித்தீர்கள் என்பதை அன்றே ஒரு குறிப்பாக எழுதிக் கோவையில் போட்டுவிடுங்கள். நான்காவது வருடம் புதிதாக வந்த கணக்காய்வு உதவியாளர் முதலில் கேட்டதே அதைத்தான்.

எக்ஸெலில் இது ஒரே வரி:

```
=PV(14%,5,-3600000,-40000000)
```

33,133,838 வரும். மிச்சம் 6,866,162. பதிவு: வங்கிக் கணக்குக்கு 40,000,000 வரவு, தொகுதிக்கடன் பொறுப்புக்கு 33,133,838 செலவு, உரிமையாண்மைக்கு 6,866,162 செலவு. சட்டத்தரணிக் கட்டணம் போன்ற வெளியீட்டுச் செலவை வருமானக் கூற்றில் போடக்கூடாது. அதையும் இதே விகிதத்தில் இரண்டு பகுதிக்கும் பிரித்துக் கழிக்க வேண்டும். உதாரணமாக, செலவு 400,000 ரூபா என்றால் கடன் பகுதி 331,338 குறைந்து, பயனுறு வட்டி வீதம் 14இலிருந்து சுமார் 14.28 ஆக உயரும். பிற்போடப்பட்ட வரியும் உண்டு. பிரிக்கிற அன்றைக்கு வரும் வரி உரிமையாண்மைப் பகுதியிலேயே நேராகக் கழிபடும். வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று கீழே உள்ள எண்களில் இரண்டையும் விட்டிருக்கிறேன்.

| மார்ச் 31 | வட்டிச் செலவு (14%) | கட்டிய வட்டி | கடனில் ஏறியது | முடிவு மீதி |
|---|---|---|---|---|
| 2020 | 4,638,737 | 3,600,000 | 1,038,737 | 34,172,575 |
| 2021 | 4,784,161 | 3,600,000 | 1,184,161 | 35,356,736 |
| 2022 | 4,949,943 | 3,600,000 | 1,349,943 | 36,706,679 |
| 2023 | 5,138,935 | 3,600,000 | 1,538,935 | 38,245,614 |
| 2024 | 5,354,386 | 3,600,000 | 1,754,386 | 40,000,000 |

முதல் வருடப் பதிவு: நிதிச் செலவுக்கு 4,638,737 வரவு, வங்கிக்கு 3,600,000 செலவு, தொகுதிக்கடன் பொறுப்புக்கு 1,038,737 செலவு. ஆரம்ப மீதியை 14 வீதத்தால் பெருக்குவதுதான் வேலை. மாதக் கணக்குக்கு வருடத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் போட்டோம், உள்ளகத் தேவைக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வருடக் கணக்கைச் சபைக்குக் கொண்டுபோனபோது தலைவர் ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நாம கட்டுனது முப்பத்தாறு லட்சம். நீங்க நாப்பத்தாறு லட்சம் போட்டிருக்கீங்க. மிச்சப் பத்து லட்சம் யாருக்குப் போச்சு?" யாருக்கும் போகவில்லை, ஐயா, அவர்களுக்குக் கொடுத்த பங்கு உரிமையும் நமக்கு ஒரு செலவு, அதை ஐந்து வருடத்துக்குப் பரப்பி எழுதுகிறோம் என்றேன். அட்டவணையில் "ஏறியது" என்ற நிரலைக் கூட்டிக் காட்டினேன். ஐந்தும் சேர்ந்து சரியாக 6,866,162 வந்தது. முதல் நாள் உரிமையாண்மைக்குப் போன அதே தொகை. அப்புறம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. உங்கள் அட்டவணை சரியா என்று பார்க்கவும் இதுதான் வழி. இந்தக் கூட்டுத்தொகை பொருந்த வேண்டும், கடைசி மீதி முகப்புப் பெறுமதியில் வந்து நிற்க வேண்டும். ஒன்று தவறினாலும் வீதத்திலோ காலத்திலோ பிழை இருக்கிறது.

பிழை நடந்த இடம் காசுப் பாய்ச்சல் கூற்று. 2021இல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி, செலுத்திய வட்டி என்று 4,784,161ஐப் போட்டுவிட்டார். கூற்று வங்கி மீதியோடு பொருந்தவில்லை. ஒரு பின்னேரம் முழுக்கத் தேடினோம். வித்தியாசத்தை எழுதிப் பார்த்தால் 1,184,161. அட்டவணையில் பார்த்த எண் என்று அவரே கண்டுபிடித்தார். பணமாகப் போனது 3,600,000 மட்டும், மற்றது வெறும் பதிவு. அன்றிலிருந்து காசுப் பாய்ச்சல் இடித்தால் முதலில் அந்த நிரலைத்தான் பார்ப்போம்.

2022 எங்களுக்கு மிகவும் கடினமான வருடம். 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடையால் கொழுந்து குறைந்திருந்தது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வங்கிகள் குறுங்காலக் கடனுக்கு எங்களிடம் கேட்ட வட்டி 25 வீதத்தைத் தாண்டியது. சபையில் ஒரு பணிப்பாளர், "இப்ப 14 வீதம்னு எழுதுறது பொய்யில்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பிரிப்பது வெளியிட்ட அன்று மட்டும்தான், பிறகு சந்தை வீதம் எங்கே போனாலும் அந்த 14 மாறாது. உரிமையாண்மைப் பகுதியையும் மறுபடி அளக்கக்கூடாது. சந்தை வீதத்தில் அந்தக் கடனின் நியாயப் பெறுமதி எவ்வளவு என்பதைக் குறிப்பில் வெளிப்படுத்தினோம், அவ்வளவுதான். ஆரம்ப வீதத்துக்கு நான் இவ்வளவு இடம் கொடுத்து எழுதியது இதனால்தான். முதல் நாளில் தவறாக 12 எடுத்திருந்தால் ஐந்து வருடமும் அந்தத் தவறு தொடர்ந்திருக்கும்.

இந்த முறையில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. கடன் மீதி வருடந்தோறும் ஏறும். வங்கியில் மேலதிகப் பற்று கேட்டுப் போனபோது அதிகாரி, "புதுக் கடன் எடுக்கலன்னு சொல்றீங்க, ஆனா கடன் கூடிட்டே போகுதே?" என்றார். தொடக்கத்தில் கடன் விகிதத்தை நன்றாகக் காட்டிய அதே பிரிப்பு, பின் வருடங்களில் அந்த நன்மையைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்கிறது. இப்போதெல்லாம் வங்கிக்குப் போகும்போது அட்டவணையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன்.

2024 மார்ச் 31இல் 30 மில்லியன் ரூபாவுக்குரியவர்கள் பங்கு எடுத்தார்கள், 12 இலட்சம் பங்கு. மற்றவர்கள் 10 மில்லியனைக் காசாக வாங்கினார்கள். பொறுப்பிலிருந்த 40,000,000இல் 30 மில்லியன் கூறப்பட்ட மூலதனத்துக்கு, 10 மில்லியன் வங்கிக்கு. இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. உரிமையாண்மைப் பகுதியில் முக்கால் பங்கான 5,149,622ஐயும் கூறப்பட்ட மூலதனத்தோடு சேர்த்தோம்.

மீதி 1,716,540 இருந்தது. தலைவர் ஐயா, "இவங்க பங்கு எடுக்கலையே, அப்ப இந்தப் பதினேழு லட்சம் நமக்கு லாபம்தானே?" என்றார். உரிமையை அவர்கள் பாவிக்காவிட்டாலும், அதற்கு விலை கொடுத்தது கொடுத்ததுதான். அது உரிமையாண்மைக்குள்ளேயே இருக்கும், வருமானக் கூற்றுக்கு வராது என்று சொல்லி, பிடித்துவைத்த உழைப்புக்கு மாற்றும் பதிவில் அவரிடம் கையொப்பம் வாங்கினேன்.