நடுராத்திரிப் பல்வலி: கிராம்பெண்ணெயா, ஜெல்லா, மாத்திரையா?

போன மாதம் ஒருநாள் இரவு 11 மணிக்கு பட்டர்வொர்த்திலிருந்து அத்தை மகன் கூப்பிட்டான். கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஓட்டை. தே ஓ ஐஸ் பட்டதும் உயிர் போகிறதாம். கையில் இருந்தவை மூன்று: அத்தை பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாங்கிவைத்த கிராம்பெண்ணெய், பார்மசியில் வாங்கிய பென்சோகைன் ஜெல், ஐபுபுரோஃபென் மாத்திரை.

வலிச் செய்தி கிளம்ப, நரம்பு முனையில் இருக்கும் சோடியம் வாசல்கள் திறந்து, வெளியே இருக்கும் சோடியம் உள்ளே பாய வேண்டும். ஒரு வாசல் திறந்தால் அடுத்தது திறக்கும். அப்படியே மூளைவரை போகும். கிராம்பெண்ணெயின் பெரும்பகுதியான யூஜெனால் கொழுப்பில் கரைவது. அதனால் நரம்பின் மேல்சவ்வுக்குள் எளிதாக நுழைந்து அந்த வாசல்களை அடைத்துவிடும். மிளகாய்க்கு எரிகிற உணர்வியையும் அது முதலில் தூண்டி, பிறகு மரத்துப் போக வைக்கும். எண்ணெய் வைத்ததும் சுரீரென்று எரிந்து, பிறகு அடங்குவது இதனால்தான்.

பென்சோகைனும் அடைப்பது அதே வாசலைத்தான். 2006-இல் வெளியான ஒரு குவைத் ஆய்வில், மேல் கோரைப்பல் பக்கத்து ஈறின் வெளிப்புறத்தில் ஊசி குத்துமுன் கிராம்பு ஜெல்லையும் 20% பென்சோகைனையும் தடவிப் பார்த்தார்கள். இரண்டுமே ஊசி வலியைக் குறைத்தன; தங்களுக்குள் வித்தியாசம் காட்டவில்லை. ஆக, கடை ஜெல்தான் 'நிஜ மருந்து' என்ற எண்ணம் தேவையில்லை. அந்த பென்சோகைன் ஜெல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகவே ஆகாது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடலாம்.

ஐபுபுரோஃபென் வாசலைத் தொடுவதில்லை. பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் மென்மையான பகுதிதான் பல்கூழ். அது வீங்கினால் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் நரம்பை எளிதில் சீண்டப்படுவதாக ஆக்குகிறது. மாத்திரை அந்தச் சுரப்பைக் குறைக்கும். வேலை செய்ய அரைமணி, ஒருமணி ஆகும், ஆனால் பல மணிநேரம் நிற்கும். எண்ணெய் சில நிமிடத்தில் வேலை செய்து சீக்கிரம் விட்டுவிடும். அதனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லையென்று கேட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை போடச் சொன்னேன். அது பிடிக்கும்வரை எண்ணெய்.

அவன் அவசரத்தில் எண்ணெயை நேரே ஈறில் ஊற்றிவிட்டான். காலையில் அங்கே தோல் வெந்து வெள்ளைத் திட்டு. தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு கலந்து, சின்னப் பஞ்சில் தொட்டு, பல் ஓட்டைக்குள் மட்டும் வைத்திருக்க வேண்டும். பாட்டிலையும் உயரத்தில் வைக்கணும். ஒன்றிரண்டு தேக்கரண்டி விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பும் கல்லீரல் பாதிப்பும் வந்திருக்கின்றன.

மறுநாள் கிளினிக்கில் வாயைத் திறந்ததுமே டாக்டருக்கு வாசனை தெரிந்துவிட்டது. "கிராம்பெண்ணெய் போட்டீங்களா? முன்னாடியே சொல்லணும்" என்றார். யூஜெனால் மிச்சமிருந்தால் பல் நிறத்து பிசின் அடைப்பு சரியாக இறுகாது. குளிர்ச்சி வைத்துச் சோதித்தபோது, எடுத்த பிறகும் வலி அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தது. கூழ் மீளாத நிலைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். வேர்க் குழாய் சிகிச்சை அன்றே ஆரம்பம்.