இஸ்கூலும் சிலேட்டும்: உயிர் எங்கே போய் உட்காருகிறது?

எங்கள் பாட்டி 'இஸ்கூல்' என்பார், 'சிலேட்டு' என்பார். இரண்டுமே ஆங்கிலத்தில் ஸ் என்ற ஒலியில் தொடங்கும் சொற்கள். இரண்டிலும் சொல்லின் தலையில் இரண்டு மெய்கள் ஒட்டி நிற்கின்றன. தமிழ்ச் சொல் அப்படித் தொடங்காது. அதனால் இரண்டிலும் ஓர் இகரம் நுழைந்துவிட்டது. ஆனால் ஒன்றில் அது வாசலிலேயே நின்றது, இன்னொன்றில் நடுவில் போய் உட்கார்ந்தது. பாட்டி 'சிகூல்' என்றோ 'இஸ்லேட்டு' என்றோ சொல்லிக் கேட்டதே இல்லை. இதைக் கொச்சை என்று திருத்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு இது துல்லியமான இலக்கணமாகத்தான் தெரிகிறது.

முதலில் முழக்கம் என்ற ஒன்றைப் புரிந்துகொள்வோம். எல்லா ஒலிக்கும் ஒரே அளவு ஓசை கிடையாது. 'ஆ' என்று வாய் திறந்து பாடலாம். ம், ல் இவற்றையும் இழுத்து முனகலாம். ஸ் வெறும் காற்றுச் சீறல். க், ப் இரண்டையும் இழுக்கவே முடியாது. உயிர், அப்புறம் ய வ, அப்புறம் ர ல ழ, அப்புறம் மெல்லினம், அதன்பின் ஸ் போன்ற உரசொலிகள், கடைசியில் வல்லினம் என்று முழக்கம் படிப்படியாகக் குறைகிறது. ஓர் அசை என்பது சின்னக் குன்று மாதிரி. உச்சியில் உயிர் இருக்கும். இரண்டு பக்கமும் முழக்கம் சரிந்து இறங்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானிய மொழியியலாளர் சீவர்ஸ், அவரை அடுத்து டென்மார்க்கின் யெஸ்பெர்சன் என்று இந்தக் கருத்து வளர்ந்தது.

தமிழுக்குள்ளேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். 'வாழ்ந்தான்' என்பதில் ழ், ந், த் என்று மூன்று மெய்கள் அடுக்காக வருகின்றன. ஆ என்ற உச்சியிலிருந்து ழ், பிறகு ந் என்று ஒழுங்காக இறங்கி த் வரை போகிறது. 'பார்த்தான்', 'வாழ்க்கை' எல்லாமே அப்படித்தான். நம் இலக்கணம் ஈரொற்று என்று சொல்வதில் முதல் ஒற்றாக ய, ர, ழ மூன்றுக்குத்தான் இடம். மெய்களில் முழக்கம் கூடியவை இவை. 'வாந்ழ்தான்' என்று ஒரு சொல் நமக்கு வாய்க்காது.

சரி, இப்போது பாட்டியின் இரண்டு சொற்களுக்கு வருவோம். ஸ்லேட்டில் ஸ் தாழ்வு, ல் உயர்வு. உயிரை நோக்கி ஏறும் படி. ஸ்கூலில் ஸ் உயர்வு, க் தாழ்வு. ஏறவேண்டிய இடத்தில் இறங்குகிறது. ஆங்கிலமே தன் சொந்த ஒழுங்கை மீறி வைத்துக்கொண்டிருக்கும் இணைப்பு இது. இப்படிப்பட்ட சொல்லைக் கடன் வாங்கும் மொழிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: ஒரு மெய்யைக் கழற்றிவிடலாம், இரண்டுக்கும் நடுவில் உயிரைச் செருகலாம், முன்னால் உயிரை வைக்கலாம்.

கழற்றிவிடுவதில் கெட்டிக்கார மொழி ஃபின்னிஷ். ஸ்வீடிஷ் மொழியின் 'ஸ்கோலா' அங்கே 'கோவுலு' ஆனது. கடற்கரையைக் குறிக்கும் 'ஸ்ட்ராண்ட்' வெறும் 'ரந்தா' ஆனது; ஸ், ட் இரண்டும் போய்விட்டன. ஸ்டாக்ஹோம் நகரின் பெயர் 'துக்ஹோல்மா'. பழந்தமிழும் இதே வழிதான். ஸ்தலம் தலமானது, ஸ்தம்பம் தம்பமானது, ஸ்கந்தன் கந்தன் ஆனான். ஸ் போனது, பின்னால் நின்ற மெய் தங்கியது. அசைக் கணக்கில் ஒன்றும் கூடாது, சொல் கச்சிதமாக இருக்கும். இழப்பு என்னவென்றால் அடையாளம். 'தானம்' என்றால் கொடுப்பதா, ஸ்தானமா என்று இடம் பார்த்துத்தான் சொல்லவேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இவற்றில் சில சொற்கள் பிராகிருதம் வழியாக வந்திருக்கலாம். பாலியில் 'தம்ப', 'கந்த' என்று ஸ் ஏற்கெனவே போயிருந்தது. சமணர் என்பதும் 'ஸ்ரமண' என்பதிலிருந்து நேராக வந்ததல்ல, 'சமண' என்ற பிராகிருத வடிவத்திலிருந்து வந்தது. அங்கே பழுது பார்த்தது நாம் அல்ல.

நடுவில் செருகுவதற்கு ஜப்பான் மொழி நல்ல உதாரணம். 'ஸ்ட்ரைக்' ஆங்கிலத்தில் ஒரே அசை. ஜப்பானிய மொழியில் அது சு-தொ-ர-இ-கு, ஐந்து மாத்திரை. ஒரு மெய்கூட இழக்கவில்லை, ஆனால் சொல் நன்றாக நீண்டுவிட்டது. செருகும் உயிர் பெரும்பாலும் உகரம்தான். தகரத்துக்குப் பின் மட்டும் ஒகரம், ஏனென்றால் அவர்கள் வாயில் 'து' என்பது 'ட்சு' ஆகிவிடும், அந்த மெய்யே மாறிப்போகும். அந்தச் சேதத்தைத் தவிர்க்கவே ஒகரம்.

எந்த உயிரைச் செருகுவது என்பதற்கு நம்மிடமும் விதி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வடசொல் தமிழாகும்போது மெய்கள் இணைந்து வந்தால் ய, ர, ல இவற்றுக்கு முன் இகரம் வரும், ம, வ இவற்றுக்கு முன் உகரம் வரும் என்று பவணந்தி நன்னூலில் வகுத்துவைத்திருக்கிறார். வாக்கியம், வக்கிரம், சுக்கிலம் ஒரு பக்கம். பதுமம், பக்குவம் மறுபக்கம். ம, வ இரண்டும் உதட்டில் பிறப்பவை, உகரமும் இதழ் குவிவது. அண்டை ஒலியைப் பார்த்து உயிரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆங்கிலச் சொற்களை இந்த விதியில் போட்டுப் பாருங்கள்: பிளேட், பிரதர், டிரங்கு, சிலேட்டு என்று ர, ல முன்னால் இகரம், சுவிட்சு என்று வகரத்தின் முன்னால் உகரம். ஆங்கிலத்தைக் கேட்டே இராத ஒருவரின் விதி அப்படியே வேலை செய்கிறது! ஒரு கூடுதல் மட்டும் உண்டு. பின்னால் ஓகாரமோ உகரமோ வந்தால் செருகும் உயிரும் குவிந்துவிடும்: கிளாஸ், ஆனால் குளோரின், குளுக்கோஸ், டிரங்கு, ஆனால் புரோக்கர், குரோம்பேட்டை.

எழுத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யவேண்டாம். 'பிளேட்' என்று எழுதிவிட்டு 'ப்ளேட்' என்று படிப்பவர்கள் ஏராளம். உயிர் உண்மையிலேயே இருக்கிறதா என்று அறிய, ஒரு சின்னக் குழந்தையிடம் கைதட்டிக்கொண்டே அசை அசையாகச் சொல்லச் சொல்லுங்கள். பி-ளேட் என்று இரண்டு தட்டு விழுந்தால் இருக்கிறது.

மூன்றாவது வழி, வாசலில் உயிர். ஸ்பானிஷ் மொழியின் 'எஸ்குவேலா', நம் பேச்சின் இஸ்கூல், சீட்டுக்கட்டின் இஸ்பேட் எல்லாம் இந்த வகை. கூடுவது ஓர் உயிர்தான். மெய்கள் இரண்டும் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் வேறு வேறு அசையில்: இஸ்-கூல். (இஸ்திரியை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அது போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது என்பார்கள். முன் உயிர் அங்கேயே இருந்தது.)

இப்போது இரண்டையும் நேருக்கு நேர் வைப்போம். இஸ்-கூலில் முதல் அசை ஸ் என்று முடிகிறது, அடுத்தது க் என்று தொடங்குகிறது. எல்லையில் முழக்கம் இறங்குகிறது. வாழ்-க்கை, அன்-பு என்று நாம் விரும்பும் எல்லை இதுதான். 'இஸ்-லேட்டு' என்றால் எல்லையில் முழக்கம் ஏறும். 'இப்-ளேட்' இன்னும் மோசம். ஆக, மெய்களுக்கிடையே இறக்கம் என்றால் உயிர் முன்னால், ஏற்றம் என்றால் நடுவில். சினேகம், சுவாமி என்று ஸ் தொடங்கும் மற்ற சொற்களிலும் ஏற்றம்தான், அங்கே உயிர் நடுவில்தான் வந்திருக்கிறது. நகரத்துக்கு முன் நன்னூல் அகரம் சொல்லியிருக்க, சினேகம் இகரம் எடுத்துக்கொண்டது, இடம் மாறவில்லை.

இது தமிழின் தனிக்குணம் இல்லை. கெய்ரோ அரபியில் பிளாஸ்டிக் 'பிலாஸ்திக்', ஸ்லைடு 'சிலைடு'. ஆனால் ஸ்டடி 'இஸ்தடி'. தமிழோடு உறவே இல்லாத மொழி அதே கோட்டைக் கிழிக்கிறது. காரணம் காதில் இருக்கிறது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. ப் திறந்து ல் வரும் இடைவெளியில் மெல்லிய உயிர் போல ஒன்று ஏற்கெனவே கேட்கிறது, அதனால் அங்கே உயிரைச் செருகினால் மூலச் சொல்லிலிருந்து அதிகம் விலகாது. ஸ்-க் நடுவே அப்படி எதுவும் கேட்பதில்லை. காதின் பங்கு சாதாரணமானதல்ல: 1999இல் வெளியான டூபூ குழுவினரின் ஆய்வில், 'எப்ஸோ' என்று உயிரே இல்லாமல் ஒலித்ததையும் ஜப்பானியர்கள் 'எபுஸோ' என்றே கேட்டார்கள்.

இரண்டு விளக்கத்தையும் இடிக்கும் மொழிகளும் இருக்கின்றன. ஈராக் அரபியில் ஃப்ளோர் 'இஃப்ளோர்'. ஏற்றமானாலும் உயிர் முன்னால்தான். பஞ்சாபியில் ஸ்கூல் 'சகூல்', ஸ்டேஷன் 'சடேசன்'; இறக்கமானாலும் நடுவில்தான். பக்கத்து இந்திக்காரர் அதையே 'இஸ்கூல்' என்கிறார். ஆனால் ஈராக் அரபி, பஞ்சாபி இரண்டும் ஒரே வழியை எல்லாவற்றுக்கும் நீட்டும் மொழிகள். தலைகீழாகப் பிரிக்கும் மொழியை, அதாவது 'சிகூல்' என்றும் 'இப்ளேட்' என்றும் சேர்த்துச் சொல்லும் ஒன்றை, நான் பார்த்ததில்லை.

எல்லாம் சரி, கந்தன் ஏன் 'இஸ்கந்தன்' ஆகவில்லை? என் கணிப்பு இது. பழந்தமிழில் ஸ் என்ற ஒலியே கிடையாது, அசையின் கடைசியில் அது நிற்க இடமும் இல்லை. சொல்லின் நடுவில் வந்த ஸ் கூடக் கரைந்துபோனது: புஸ்தகம் புத்தகமானது, மஸ்தகம் மத்தகமானது. அப்படியிருக்க முன்னால் இகரம் வைத்து என்ன பயன்? 'இத்தலம்' என்று ஆகும், அதற்கு 'இந்தத் தலம்' என்று ஏற்கெனவே வேறு பொருள் இருக்கிறது. கழற்றிவிடுவது ஒன்றே மிச்சமிருந்த வழி. பின்னாளில் மஸ்து, தோஸ்து என்று ஸ் நம் பேச்சில் குடியேறி, அசையின் ஈற்றில் நிற்கப் பழகியது. அதன்பிறகுதான் இஸ்கூலுக்கு வாசல் திறந்தது. பழைய வழியும் மூடிவிடவில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ரயிலேறப் போனது இன்றும் 'டேசன்'தான்.